மீட்டெடுத்த பட்டியலில் 11647 யார்?

கேள்வி: குடியாத்தத்தில் தவணைக்கு வீட்டு உபயோகப் பொருள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். போன வியாழக்கிழமை மதியம் 3.40-க்கு, எங்களுக்கு சாஃப்ட்வேர் செய்து தரும் சத்துவாச்சாரி தம்பி, டெஸ்ட் என்று நினைத்து கடையின் உண்மையான கஸ்டமர் டேபிளையே அழித்துவிட்டார். சாயங்காலம் 6.30-க்கு பேக்கப்பிலிருந்து மீட்டுவிட்டதாகச் சொன்னார். "11,212 பேரும் அப்படியே இருக்காங்க" என்று எண்ணியும் காட்டினார். ஆனால் சனிக்கிழமை காலை பேரணாம்பட்டிலிருந்து ஒரு அம்மா, கிரைண்டருக்கான முன்பணப் பாக்கி 500 ரூபாய் கட்ட வந்தார். வியாழன் காலையில் நாங்கள் போட்டுக் கொடுத்த கார்டு அவருடையது, எண் 11647. திரையில் மேல்பட்டிக்காரர் ஒருவரின் பெயர் வருகிறது! பணத்தைக் கையில் வாங்கி பில் புத்தகத்தில் மட்டும் எழுதி வைத்தேன். வியாழன் காலையில் 14 புது கார்டு போட்டோம், கடைசி எண் 11654. மீட்ட பிறகு 12 போட்டோம், இப்போது நிறுத்திவிட்டேன். பாக்கித் தொகையும் கஸ்டமர் பக்கத்திலேயேதான் இருக்கிறது. 7 நாள் பேக்கப் இருக்கிறதாம். தம்பி மீட்புக்கு 6,000 ரூபாய் கேட்கிறார். மைத்துனர், டேட்டாவை விற்றிருப்பான், போலீசுக்குப் போ என்கிறார். கம்ப்யூட்டரில் அழித்தது குப்பைத்தொட்டியில் இருக்குமே, அதிலிருந்து எடுக்க முடியாதா? என்ன செய்யலாம்?

பதில்: புது கார்டு போடுவதை நிறுத்தினீர்களே, அது மிகச் சரியான முடிவு. அந்த 500 ரூபாயைக் கம்ப்யூட்டரில் ஏற்றாமல் பில் புத்தகத்தில் எழுதியதும் சரி. நான் 20 வருடமாக டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவன். இப்படிக் குழம்பிய நேரத்தில் பலரும் அவசரமாகத் திரையில் எதையாவது திருத்தப் போய், இருக்கிற தடயத்தையும் கெடுத்துக்கொள்வார்கள். நீங்கள் அதைச் செய்யவில்லை.

மற்றதற்குப் போகும் முன் இன்று ராத்திரிக்குள் ஒரு வேலை முடிய வேண்டும். 7 நாள் பேக்கப் என்றால் எட்டாவது நாள் வரும்போது முதல் நாளுடையது தானாக அழிந்துவிடும் என்று அர்த்தம். உங்களுக்கு வேண்டியது வியாழன் விடிவதற்கு முன் எடுத்த அந்த ஒரு கோப்பு. அடுத்த வியாழன் அது இருக்காது. தம்பிக்கு போன் போட்டு, அந்தக் கோப்பையும், நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் சர்வரில் குறித்து வைக்கும் பைனரி லாக் கோப்புகளையும் வேறொரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். கூடவே, தவணைப் பாக்கியை நினைவூட்டும் எஸ்எம்எஸ் தானாகப் போகிற ஏற்பாடு இருந்தால் அதை நிறுத்தி வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நடந்தது என்ன

கடைக்காரர் மொழியிலேயே சொல்கிறேன். உங்கள் கஸ்டமர் டேபிள் என்பது பேரேடு. ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு எண். ரசீதுகள் தனிக் கட்டு. ரசீதில் ஆளின் பெயர் இருக்காது, பேரேட்டுப் பக்க எண் மட்டும்தான் இருக்கும். பெயர் வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வியாழன் மதியம் பேரேடு மட்டும் போய்விட்டது. ரசீதுக் கட்டு தொடப்படாமல் அப்படியே இருந்தது. தம்பி என்ன செய்தார் என்றால், அன்று விடிவதற்கு முன் எடுத்த பேரேட்டின் நகலைக் கொண்டுவந்து வைத்தார்.

11,212 என்று எண்ணிக் காட்டியதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு பேக்கப்போடு பொருந்துகிறது, கடையோடு பொருந்தவில்லை. நகலில் எத்தனை பக்கம் இருந்ததோ அத்தனையும் வந்துவிட்டன. வியாழன் காலை கடை திறந்த பிறகு எழுதிய 14 பக்கங்கள் அந்த நகலில் எப்படி இருக்கும்?

இதுவரைக்கும் ஆன நஷ்டம் சின்னது, 14 பெயர்கள்தான். பெரிய தொந்தரவு அதற்கு அப்புறம் வந்தது. புது ஆளைச் சேர்க்கும்போது அடுத்த எண் என்ன என்பதை டேபிள் தானே நினைவில் வைத்திருக்கும். பேக்கப் கோப்பிலும் அந்த எண் பதிந்திருக்கும். உங்கள் கடைசி எண் 11654, அன்று போட்டது 14 கார்டு என்றால், விடிகாலையில் அடுத்த எண் 11641. மீட்டதும் டேபிள் மறுபடி 11641-இல் தொடங்கியது. அதற்குப் பிறகு நீங்கள் போட்ட 12 கார்டுகளுக்கும் 11641 முதல் 11652 வரை எண் கிடைத்தது. காலையில் வந்த 12 பேருடைய எண்கள் அவை. பேரணாம்பட்டு அம்மாவின் 11647 மேல்பட்டிக்காரருக்குப் போனது இப்படித்தான்.

பெயர் மாறித் தெரிவதோடு இது நிற்கவில்லை. அந்த அம்மா வியாழன் காலையில் கட்டிய முன்பணத்தின் ரசீதில் 11647 என்றுதானே இருக்கிறது? இப்போது அந்த ரசீது மேல்பட்டிக்காரர் கணக்கில் வரவாக நிற்கும். அவருக்குக் கட்டாத பணம் கட்டியதாகத் தெரியும், அந்த அம்மாவுக்குக் கணக்கே இருக்காது. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது, எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தெரியும். அந்த அம்மா சனிக்கிழமை வராமல் இருந்திருந்தால், ஒரு மாதம் கழித்துத் தவணை தேதியில்தான் உங்களுக்குத் தெரிய வந்திருக்கும்.

நான் சொல்வது உங்கள் எண்களை வைத்துப் போட்ட கணக்கு. உறுதி செய்ய தம்பியிடம் கீழே உள்ளதை ஓட்டச் சொல்லுங்கள். டேபிள், பத்தி பெயர்களை உங்கள் சாஃப்ட்வேரில் உள்ளபடி மாற்றிக்கொள்வார். ஆள் சேர்ந்த நேரத்துக்கு முன்னாலேயே அவர் பெயரில் ரசீது இருக்கிறதா என்று இது கேட்கிறது.

```sql
SELECT c.id, c.name, c.created_at,
       r.receipt_no, r.received_at
FROM customers c
JOIN receipts r ON r.customer_id = c.id
WHERE r.received_at < c.created_at;
```

கடைக்கு வருவதற்கு முன்பே ஒருவர் பணம் கட்டியிருக்க முடியாது. அதனால் இதில் வரும் ஒவ்வொரு வரியும் எண் மோதிய ஓர் ஆள். 12 எண்கள் வரும் என்று எதிர்பார்க்கிறேன். மீதி இரண்டு, 11653-ம் 11654-ம், இதில் வராது. அவை இன்னும் யாருக்கும் போகவில்லை, ஆள் இல்லாத ரசீதுகளாக நிற்கும். அவற்றை இப்படிப் பிடிக்கலாம்:

```sql
SELECT r.customer_id, COUNT(*), SUM(r.amount)
FROM receipts r
LEFT JOIN customers c ON c.id = r.customer_id
WHERE c.id IS NULL
GROUP BY r.customer_id;
```

பாக்கித் தொகை

கஸ்டமர் பக்கத்திலேயே பாக்கியும் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகக் கவலை தந்த வரி அதுதான். வியாழன் காலையில் புது ஆட்கள் மட்டுமா வந்திருப்பார்கள்? பழைய வாடிக்கையாளர்களும் தவணை கட்டியிருப்பார்கள். அவர்களுடைய ரசீது பத்திரமாக இருக்கிறது. ஆனால் பேரேட்டுப் பக்கம் விடிகாலை நகலிலிருந்து வந்தது, அதில் பாக்கி குறையவில்லை. 2,000 கட்டியவருக்கு இன்னும் அந்த 2,000 பாக்கி என்று காட்டும். நினைவூட்டல் எஸ்எம்எஸ்ஸை நிறுத்தச் சொன்னது இதனால்தான். கட்டிவிட்டுப் போனவருக்கு "பாக்கி உள்ளது" என்று செய்தி போனால் அவர் சும்மா இருப்பாரா? சிலர் சண்டைக்கு வருவார்கள். இன்னும் சிலர் பயந்துபோய் மறுபடி கட்டிவிடுவார்கள், அது இதைவிட மோசம்.

இதற்கு வழி சுலபம். எல்லா வாடிக்கையாளருக்கும் பொருளின் விலையிலிருந்து ரசீதுகளின் மொத்தத்தைக் கழித்து, வருவதும் திரையில் உள்ள பாக்கியும் ஒன்றா என்று ஒப்பிடச் சொல்லுங்கள். வித்தியாசம் வரும் பெயர்கள் பெரும்பாலும் வியாழன் காலை ரசீதுகளோடு பொருந்தும். பொருந்தாத பெயர் வந்தால் அது பழைய கோளாறாக இருக்கும், அதைத் தனியாக எழுதி வையுங்கள். அன்று காலையில் போன் நம்பரோ முகவரியோ மாற்றியவர்கள் இருந்தால் அந்த மாற்றமும் போயிருக்கும். அதை எந்தக் கணக்கும் காட்டிக்கொடுக்காது, கவுண்டரில் இருந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

அந்த 14 பக்கங்கள் எங்கே கிடைக்கும்

நீங்கள் சொல்லும் குப்பைத்தொட்டி நம் மேசைக் கம்ப்யூட்டரில் கோப்புகளுக்கு உண்டு. டேட்டாபேஸில் `DROP TABLE` என்று அடித்தால் டேபிள் எங்கும் ஒதுங்கி நிற்காது, போய்விடும். ஆனால் அதைவிட நல்லது ஒன்று இருக்க வாய்ப்புண்டு. நம் பழைய கடைகளில் பேரேட்டோடு சிட்டாவும் வைத்திருப்பார்கள் அல்லவா? நடந்ததை நடந்த வரிசையில் எழுதும் புத்தகம். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் அந்தச் சிட்டாவின் பெயர்தான் பைனரி லாக். உங்கள் சாஃப்ட்வேர் அதில்தான் ஓடுகிறது என்றால், 8.0 பதிப்பிலிருந்து யாரும் நிறுத்தாதவரை இது தானாக எழுதப்படும், 30 நாள் வைத்திருக்கப்படும். தம்பி `SHOW BINARY LOGS;` என்று அடித்துப் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

இருந்தால் வேலை இப்படி நடக்க வேண்டும். வேறொரு கம்ப்யூட்டரில் விடிகாலைப் பேக்கப்பை ஏற்ற வேண்டும். அதன் மேல் சிட்டாவை வரி வரியாக ஓட்டி, அழிக்கும் கட்டளைக்கு முந்தைய வரியில் நிறுத்த வேண்டும். மதியம் 3.39-க்கு இருந்த பேரேடு அங்கே உருவாகும், 14 பேரும் இருப்பார்கள், பாக்கியும் சரியாக இருக்கும். நிறுத்த வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க:

```
mysqlbinlog binlog.000087 | grep -i -B 8 "drop table"
```

கோப்பின் எண் உங்களுடையது வேறாக இருக்கும். வருவதில் `# at` என்று தொடங்கும் வரியில் உள்ள எண்தான் இடம். அதை `--stop-position` என்று கொடுக்க வேண்டும்.

இதில் இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, இதைக் கடையின் சர்வரிலேயே ஓட்டக் கூடாது. சிட்டாவில் ரசீதுகளும் இருக்கின்றன, அங்கே ஓட்டினால் இருக்கிற ரசீதோடு மோதும், அல்லது இரட்டிக்கும். தனி இடத்தில் உருவாக்கி, வேண்டியதை மட்டும் எடுத்து வர வேண்டும். இரண்டாவது, கடிகாரம். வாடகை சர்வர்கள் பலவும் கிரீன்விச் நேரத்தில் ஓடும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். உங்கள் 3.40 அங்கே 10.10. "ராத்திரி 2 மணி பேக்கப்" என்று அவர் சொன்னால் அது நம்முடைய காலை 7.30-ஆக இருக்கலாம். எந்த நேரத்திலிருந்து சிட்டாவை ஓட்டுவது என்பது இதைப் பொறுத்தது. முதல் வரியைத் தவறவிட்டால் பின்னால் வருவது எல்லாம் சறுக்கும்.

சிட்டா இல்லை என்று வந்தால் காகிதம்தான். கார்டின் அடிக்கட்டை, பில் புத்தகம், அன்றைய யுபிஐ வரவுப் பட்டியல், பணம் கட்டியவருக்குப் போன எஸ்எம்எஸ்ஸின் பட்டியல். எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனத்தின் பக்கத்தில் நேரமும் போன் நம்பரும் இருக்கும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். 14 பேர் என்பது ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

எண்ணை யார் வைத்துக்கொள்வது

12 எண்களுக்கு இரண்டு இரண்டு பேர் நிற்கிறார்கள். வியாழன் காலை வந்தவர்களுக்கே பழைய எண்ணை விடலாம் என்பது என் கருத்து. அவர்களுடைய ரசீதும் கார்டும் சிட்டாவும் ஒன்றோடொன்று பொருந்தும். பின்னால் வந்த 12 பேரை 12001-இலிருந்து புது எண்ணுக்கு மாற்றி, அவர்களுடைய ரசீதுகளையும் கூடவே மாற்றிவிட்டு, அப்புறம் 14 பேரைச் சேர்க்க வேண்டும். அடுத்த எண்ணும் அதற்கு மேலே இருக்கும்படி டேபிளில் குறித்துவிட வேண்டும்.

ரசீதை மாற்றும்போது, "வியாழன் 6.30-க்கு அப்புறம் வந்த ரசீதெல்லாம் பின்னால் வந்தவர்களுடையது" என்று நேரத்தை மட்டும் வைத்துப் பிரித்துவிடக் கூடாது. பேரணாம்பட்டு அம்மாவின் 500-ஐ நீங்கள் கையில் எழுதியதால் தப்பியது. அவரைப் போல இன்னொருவர் வெள்ளிக்கிழமை வந்து, கவுண்டரில் இருந்த பையன் பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் அடித்து வரவு வைத்திருந்தால்? அதனால் அந்த 12 எண்களில் 6.30-க்குப் பின் வந்த ஒவ்வொரு ரசீதையும் அடிக்கட்டையோடு ஒப்பிட்டு, நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இது கடைக்காரரால்தான் முடியும், தம்பியால் முடியாது. எல்லாம் முடிந்ததும் மேலே கொடுத்த இரண்டு கேள்விகளையும் மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரு வரிகூட வரக் கூடாது.

தம்பி, பணம், போலீஸ்

டேட்டாவை விற்பவன் நகல் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போவான். அழித்துவிட்டு உடனே உங்களிடம் வந்து சொல்ல மாட்டான். உங்கள் கடிதத்தில் திருட்டுக்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் குற்றமாக வேண்டுமென்றால் நேர்மையற்ற நோக்கமோ மோசடி நோக்கமோ இருக்க வேண்டும். கைதவறுதல் அதில் வராது. அனுமதியில்லாமல் அழித்ததற்கு இழப்பீடு கேட்பது 43-ஆம் பிரிவு. அந்த அளவுக்கு நஷ்டம் இருப்பதாக நினைத்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் திருடு போவதை மட்டுமல்ல, தற்செயலாக அழிவதையும் மீறலாகவே பார்க்கிறது. அதன் விதிகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. உங்களுக்கு இப்போதே என்ன கடமை என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

6,000 ரூபாய் கொடுக்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம். தன் கையால் விழுந்ததை எடுத்து வைத்ததற்குக் கூலி இல்லை. வருடப் பராமரிப்புத் தொகை வேறு, அதைப் பிடித்து வைக்காதீர்கள். இந்த வாரம் அவரை நிறுத்தவும் வேண்டாம். சர்வர் எங்கே இருக்கிறது, சிட்டா எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர். பாதி வேலையில் புது ஆள் வந்தால் அந்த 7 நாளும் பேச்சிலேயே போய்விடும். சர்வரின் முதன்மைக் கடவுச்சொல் உங்கள் பெயரில் உங்களிடம் இருக்கிறதா என்று மட்டும் இன்றே பாருங்கள்.

அவரிடம் ஒரு பக்கத்துக்கு எழுத்தில் வாங்குங்கள். எந்த நேரத்தில் எந்தக் கட்டளை ஓடியது, எந்த நேரத்துப் பேக்கப் ஏற்றப்பட்டது, இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் எதெல்லாம் திரும்பவில்லை என்று. மூன்றாவதை அவர் வியாழன் மாலையே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அழித்தது தவறுதல். மீட்டபின் "எல்லாம் இருக்கு" என்று சொன்னதைத்தான் நான் பெரிய குறையாக நினைக்கிறேன். சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கிட்லேப் தளத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் இதேபோல வேறு சர்வர் என்று நினைத்து உண்மையான டேட்டாவை அழித்தார். சுமார் ஆறு மணி நேரத்துத் தகவல் திரும்பவில்லை. அவர்கள் அதை மறைக்காமல் எது போயிற்று என்று பொதுவில் எழுதினார்கள். தினமும் எடுப்பதாக நினைத்த பேக்கப் வேலை செய்யவே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

அது இங்கேயும் நடக்கும். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் தினமும் தேதி போட்டு பேக்கப் கோப்பு வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 20 பைட். கடவுச்சொல் மாறியதிலிருந்து வெறுமையைச் சுருக்கி வைத்துக்கொண்டிருந்தது அது. உங்கள் பேக்கப் உண்மையில் திரும்பி வந்தது, அந்த வகையில் தம்பியின் ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது. இனிமேல் மாதம் ஒரு முறை அதை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, உங்கள் கண் முன்னால் நேற்று வந்த ஒருவரின் பெயரைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள்.

சாஃப்ட்வேரில் ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள். ரசீது டேபிளை கஸ்டமர் டேபிளோடு ஃபாரின் கீ எனப்படும் அயல் சாவி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். அந்தக் கட்டு இருந்திருந்தால், ரசீதுகள் இந்த ஆட்களை நம்பி நிற்கின்றன என்று சொல்லி அந்த `DROP TABLE` கட்டளையை டேட்டாபேஸே மறுத்திருக்கும். அதோடு, தம்பி தினசரி வேலைக்கு நுழையும் கணக்குக்கு டேபிளை அழிக்கும் உரிமையே இருக்கக் கூடாது.

கடைசியாக அந்த 26 பேர். அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே போன் செய்யுங்கள். காலை வந்த 14 பேரிடம், "உங்க கார்டு எண் அதேதான், கட்டின பணம் பத்திரமா வரவுல இருக்கு, ரசீதை மட்டும் வெச்சிருங்க" என்று சொன்னால் போதும். பின்னால் வந்த 12 பேரிடம், எண் மாறுகிறது, அடுத்த தவணைக்கு வரும்போது புது கார்டு தருகிறோம், பழைய கார்டைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று சொல்லுங்கள். பழைய 12 கார்டையும் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். முதல் போன் பேரணாம்பட்டுக்குப் போகட்டும். அவருடைய 500-க்கு இன்னும் கம்ப்யூட்டர் ரசீது கொடுக்கவில்லை.